கொழுந்து நிறுவையும் கூட்டமாக்கிய அட்டவணையும்

நுவரெலியா, அற்றன், தலவாக்கலைப் பகுதிகளில் வாழும் மாணவர்க்குக் கொழுந்து நிறுவை புதிய செய்தி அன்று. மலைச்சரிவில் கொய்த கொழுந்தைக் கூடையிலிருந்து கொட்டிச் சாக்கிலிட்டுத் தராசில் தொங்கவிடுவதையும், கணக்குப்பிள்ளை அதனைப் புத்தகத்தில் பதிவதையும் அவர்கள் சிறு வயதிலேயே கண்டிருப்பர். ஆதலின் புள்ளிவிவரப் பாடத்தில் ஆசிரியர் ஓர் ஒப்படை கொடுக்க விரும்பினால், அதற்குரிய எண்களைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. அத்தகைய ஓர் ஒப்படையை எடுத்துக்கொண்டு, அதன் விடையை மீண்டும் ஒரு முறை கணித்துப் பார்க்கும்போது என்னென்ன வெளிப்படுகின்றன என்பதைக் காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும். இங்கு வரும் எண்கள் வகுப்புப் பயிற்சிக்கென அமைத்துக்கொள்ளப்பட்டவை. எந்தத் தோட்டத்தின் புத்தகத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

ஒரு பிரிவில் ஒரே நாளில் 50 பெண்கள் கொழுந்து கொய்தனர் எனக் கொள்க. ஒவ்வொருவர் கொய்த நிறையும் முழுக் கிலோவில் பதியப்பட்டது. அந்த ஐம்பது எண்களும் ஐந்து வகுப்பாயிடைகளாகத் தொகுக்கப்பட்டன. 5 முதல் 9 கிலோ வரை கொய்தோர் 4 பேர். 10 முதல் 14 வரை 11 பேர். 15 முதல் 19 வரை 18 பேர். 20 முதல் 24 வரை 12 பேர். 25 முதல் 29 வரை 5 பேர். நேயர்கள் விரும்பின் இவ்வைந்து வரிகளையும் ஒரு தாளிற் குறித்துக்கொள்ளலாம். இவற்றின் இடையையும் நியம விலகலையும் காண்க என்பதே வினா. தமிழ்நாட்டு நூல்களில் இடை சராசரி என்றும், நியம விலகல் திட்ட விலக்கம் என்றும், மீடிறன் நிகழ்வெண் என்றும் வழங்கும். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே.

முதலில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நடுப்பெறுமானம் வேண்டும். 5, 6, 7, 8, 9 என்ற ஐந்து எண்களின் நடுவில் நிற்பது 7. அவ்வாறே மற்றவற்றுக்கு 12, 17, 22, 27 ஆகும். ஒரு வகுப்பில் இருக்கும் அனைவரும் அந்த நடுப்பெறுமானத்தையே கொய்தனர் என்று கணக்கு கருதிக்கொள்கிறது. இது கணக்கின் வசதிக்காகச் செய்துகொண்ட ஓர் ஊகம். இதனை மறவாதிருத்தல் வேண்டும், ஏனெனில் இப்பேச்சின் பிற்பகுதி முழுவதும் இவ்வூகத்தைச் சுற்றியே செல்லும்.

பெரிய எண்களைப் பெருக்கும் தொல்லையைக் குறைக்க, நடுவிலுள்ள 17ஐ எடுகொண்ட இடையாக வைத்துக்கொள்வர். அதிலிருந்து ஒவ்வொரு நடுப்பெறுமானமும் எத்தனை வகுப்புத் தூரத்தில் நிற்கிறது என்று பார்த்தால், முறையே மறை 2, மறை 1, பூச்சியம், 1, 2 என வரும். இவற்றை மீடிறன்களாற் பெருக்கினால் மறை 8, மறை 11, பூச்சியம், 12, 10. கூட்டினால் 3. இதை 50 ஆல் வகுக்க 0.06. வகுப்பின் அகலம் 5 கிலோ ஆதலால் 0.06ஐ 5 ஆற் பெருக்க 0.3. எடுகொண்ட 17 உடன் இதைச் சேர்க்க, இடை 17.3 கிலோ ஆகிறது.

நியம விலகலுக்கு அதே தூரங்களின் வர்க்கங்கள் தேவை. அவை 4, 1, பூச்சியம், 1, 4. மீடிறன்களாற் பெருக்கினால் 16, 11, பூச்சியம், 12, 20. கூட்டுத்தொகை 59. இதை 50 ஆல் வகுக்க 1.18. இதிலிருந்து முன்னர் வந்த 0.06 இன் வர்க்கமாகிய 0.0036ஐக் கழிக்க 1.1764. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.085. அகலமாகிய 5 ஆற் பெருக்கினால் நியம விலகல் 5.42 கிலோ. இந்த அளவைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1894ஆம் ஆண்டில் வெளியான தம் ஆய்வுரையிற் பயன்படுத்தியவர் கார்ல் பியர்சன் என்னும் ஆங்கிலேயப் புள்ளிவிவர அறிஞர் ஆவார்.

விடை கிடைத்துவிட்டது. ஆயினும் அது சரியானதா என்பதை எவ்வாறு அறிவது? அதே வழியில் மறுபடியும் கூட்டிப் பார்ப்பது பெரும்பாலும் பயன்தராது. முதலில் எங்கு கண் தவறியதோ, இரண்டாம் முறையும் அங்கேயே தவறும். எடுகொண்ட இடையை மாற்றிக் கணிப்பதே தக்க சோதனை. 17க்குப் பதிலாக முதல் வகுப்பின் 7ஐ எடுத்துக்கொண்டால், தூரங்கள் பூச்சியம், 1, 2, 3, 4 ஆகும். மறை எண்களே இல்லை. மீடிறன்களாற் பெருக்கிக் கூட்டினால் 103. 50 ஆல் வகுக்க 2.06. 5 ஆற் பெருக்கினால் 10.3. 7 உடன் கூட்ட மீண்டும் 17.3. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 271. 50 ஆல் வகுக்க 5.42. அதிலிருந்து 2.06 இன் வர்க்கமாகிய 4.2436ஐக் கழிக்க, அதே 1.1764. இரு வழிகளும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தமையால் எண்கணிதத்தில் பிழையில்லை என்று கொள்ளலாம்.

இந்த இரண்டாவது வழி மற்றொன்றையும் காட்டுகிறது. திருத்தமாகக் கழிக்க வேண்டிய தொகையைக் கழிக்க மறந்த மாணவனுக்கு, 17ஐ எடுத்துக்கொண்டபோது 5.43 என்னும் விடை வரும். உண்மை விடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 0.01 தான். ஆகவே அவன் தன் பிழையை அறியவே மாட்டான். அதே மறதியை 7ஐ எடுத்துக்கொண்ட கணக்கிற் செய்தால் விடை 11.64 ஆகிவிடும். ஒரு வழியில் ஒளிந்துகொள்ளும் பிழை மற்றொரு வழியில் தானே வெளிப்பட்டுவிடுகிறது.

வகுப்பில் அடிக்கடி நேரும் வேறு இரு பிழைகளும் உள்ளன. ஒன்று, இறுதியில் அகலமாகிய 5 ஆற் பெருக்காது விடுவது. அப்போது நியம விலகல் 1.08 கிலோ என்று வரும். அட்டவணையைக் கண்ணாற் பார்த்தாலே இது பொருந்தாது என்பது விளங்கும். நிறைகள் 5 கிலோவிலிருந்து 29 கிலோ வரை பரந்து கிடக்கின்றன. 1 கிலோ அளவான விலகல் இத்துணைப் பரப்பை எவ்வாறு தாங்கும்? மற்றொன்று, தூரத்தை மட்டும் வர்க்கிப்பதை விடுத்து, மீடிறனுடன் பெருக்கி வந்த தொகையையே வர்க்கித்துவிடுவது. அவ்வாறு செய்தால் கூட்டுத்தொகை 429 ஆகி, நியம விலகல் 14.64 என முடியும். இது நிகழவே இயலாத விடை. எந்தத் தொகுதியிலும் நியம விலகல் மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் உள்ள இடைவெளியின் பாதியை விஞ்ச முடியாது. இங்கு நடுப்பெறுமானங்கள் 7க்கும் 27க்கும் இடையில் நிற்பதால், அந்த எல்லை 10 ஆகும்.

சில வேளைகளில் இரு மாணவரும் பிழையின்றிக் கணித்தும், ஒருவன் 5.42 என்றும் மற்றவன் 5.48 என்றும் எழுதுவர். இரண்டாமவன் 50 ஆல் வகுக்காது 49 ஆல் வகுத்திருப்பான். கணிப்பானில் இவ்விரண்டுக்கும் தனித்தனி விசைகள் உண்டு. அந்த ஐம்பது பெண்களைக் கொண்டு பெருந்தொகையான வேறு கொழுந்து கொய்வோரைப் பற்றி மதிப்பிட முற்பட்டால் 49 பொருந்தும். அன்று அப்பிரிவில் வேலை செய்த அனைவருமே அந்த ஐம்பதின்மர் என்றால், அவர்களைப் பற்றி மட்டுமே பேசும் கணக்கில் 50 தான் முறை. இந்த ஒப்படை பின்னதைச் சேர்ந்தது.

இதுவரை சொல்லியவை எண்கணிதச் சோதனைகள். இனி வருவது தராசடியில் எழும் கேள்வி. 5 முதல் 9 வரை என்னும் வகுப்பின் நடுப்பெறுமானம் 7 என்று கொண்டதற்கு ஆதாரம் என்ன? தராசு 9 கிலோவும் 800 கிராமும் காட்டியபோது புத்தகத்தில் 10 என்று பதிந்திருந்தால், அதாவது அண்மையிலுள்ள முழு எண் எழுதப்பட்டிருந்தால், அந்த வகுப்பு உண்மையில் நாலரை கிலோவில் தொடங்கி ஒன்பதரை கிலோவில் முடிகிறது. அதன் நடு 7 தான். ஆனால் முழுக் கிலோவுக்கு மேற்பட்ட கிராமைத் தள்ளிவிட்டு 9 என்று மட்டும் பதிந்திருந்தால், அவ்வகுப்பு 5இல் தொடங்கிப் 10இன் விளிம்பு வரை செல்கிறது. அப்போது நடு ஏழரை ஆகிறது. எல்லா நடுப்பெறுமானங்களும் அரைக் கிலோ உயர்கின்றன. இடையும் 17.3இலிருந்து 17.8க்கு உயர்கிறது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. இடை மாறினும் நியம விலகல் மாறாது 5.42 ஆகவே நிற்கும். அனைவரும் ஒரே திசையில் அரைக் கிலோ நகர்ந்தால், அவர்களுக்குள் இருந்த தூரம் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை. ஆகவே நியம விலகல் சரியாக வந்தது என்பதைக் கொண்டு நடுப்பெறுமானம் சரி என்று எவரும் கூறிவிட முடியாது. புத்தகத்தில் எண் எவ்வாறு எழுதப்பட்டது என்று கேட்டறிவதே இதனைத் தெளியும் வழி. அரைக் கிலோ அற்பமானதா எனின், ஐம்பது பேருக்கு அது ஒரு நாளில் 25 கிலோ பச்சைக் கொழுந்தாகும். பச்சைக் கொழுந்து நாலரை முதல் ஐந்து கிலோ வரை சேர்ந்தால் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். அவ்வாறாயின் நாள்தோறும் ஐந்து கிலோ அளவிலான தேயிலை, கொய்தவர்தம் கணக்கிற் சேராமலேயே தொழிற்சாலைக்குள் செல்கிறது.

அடுத்து, அந்த ஐம்பது எண்களையும் தொகுப்பதற்கு முன்னிருந்த நிலையிலேயே பார்க்க வேண்டும். தோட்டங்களில் ஒரு நாளுக்கு இவ்வளவு கிலோ கொய்தால்தான் முழுப் பேர் விழும் என்று ஓர் அளவு உண்டு. அது குறைந்தால் அரைப் பேர் எனப் பதியப்படுவதும், மிகுந்தால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக்காசு கிடைப்பதும் மலையக வழக்கில் யாவரும் அறிந்தவை. அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டமும் பருவத்துக்குப் பருவமும் வேறுபடும். இக்கணக்குக்கு அதனை 18 கிலோ என வைத்துக்கொள்வோம். பதினாறு கிலோவில் நிற்கும் பெண் எவ்வாறேனும் இன்னும் இரண்டு கிலோ சேர்த்துவிட்டே தராசுக்கு வருவாள் அன்றோ? ஆகவே 15 முதல் 19 வரையுள்ள பதினெண்மரும் சமமாகப் பரந்திருக்க மாட்டார்கள். பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் 15 கிலோ ஒருவர், 16 இருவர், 17 இருவர், 18 கிலோ பத்துப் பேர், 19 மூவர் என்று இருக்கக்கூடும். பதின்மர் ஒரே எண்ணில் திரண்டு நிற்கின்றனர். மற்ற வகுப்புகளிலும் சிறு சாய்வுகள் உண்டு. 20 முதல் 24 வரையுள்ள பன்னிருவரில் ஐவர் இருபதிலேயே நின்றுவிடுகின்றனர். மூவர் 21, இருவர் 22, எஞ்சிய இருவர் 23, 24. 10 முதல் 14 வரையுள்ள பதினொருவர் 10 ஒருவர், 11 இருவர், 12 இருவர், 13 மூவர், 14 மூவர் என மேல்நோக்கிச் சாய்கின்றனர். கீழ் வகுப்பின் நால்வர் 6, 7, 8, 9; மேல் வகுப்பின் ஐவர் 25, 25, 26, 27, 28.

ஐம்பது எண்களையும் நேராகக் கூட்டினால் 870. இடை 17.4 கிலோ. அட்டவணை தந்தது 17.3. வேறுபாடு மிகச் சிறியது. ஆயினும் ஒவ்வொரு வகுப்பிலும் ஊகம் சரியாக இருந்ததனால் இவ்வொற்றுமை வந்ததன்று. ஒரு வகுப்பில் 12 கிலோ குறைவாகவும், வேறொன்றில் 10 கிலோ மிகையாகவும் கணிக்கப்பட்டு, குறையும் மிகையும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன.

நியம விலகலில் அத்தகைய ஈடு இல்லை. நேர்க்கணக்கு 5.08 தருகிறது; அட்டவணை 5.42 தந்தது. இதன் காரணம் எளிது. நடுவுக்குக் கீழேயுள்ள வகுப்பினர் நடுவை நோக்கி மேலே சாய்ந்தும், மேலேயுள்ளோர் நடுவை நோக்கிக் கீழே சாய்ந்தும் நிற்கின்றனர். அட்டவணையோ இரு சாராரையும் அவரவர் வகுப்பின் மையத்துக்கு, அதாவது நடுவிலிருந்து சற்றுத் தொலைவுக்குத் தள்ளிவிடுகிறது. தொலைவின் வர்க்கமே கூட்டப்படுவதால் இரு பக்கத்துப் பிழையும் ஒரே திசையிற் சேர்கின்றன. இம்மிகையைக் குறைக்க ஷெப்பர்ட் என்னும் அறிஞர் 1898இல் ஒரு திருத்தம் கூறினார். வகுப்பு அகலத்தின் வர்க்கத்தைப் பன்னிரண்டால் வகுத்து, நியம விலகலின் வர்க்கத்திலிருந்து கழிக்க வேண்டும் என்பது அது. இங்கு 29.41இலிருந்து 2.08 கழிய, நியம விலகல் 5.23 ஆகிறது. உண்மைக்கு நெருங்குகிறது, ஆயினும் அதை எட்டவில்லை. பரம்பல் இரு முனைகளிலும் மெல்லத் தேய்ந்து ஒழுங்காகச் செல்லும் இடத்துக்கே அத்திருத்தம் உரியது. 18 கிலோவில் பத்துப் பேர் திரண்டு நிற்பதை அது அறியாது.

இனி ஒப்படையின் இறுதி வினா. முழுப் பேர் பெற்றோர் எத்தனை பேர்? அட்டவணையை மட்டும் வைத்திருக்கும் மாணவன், 18 என்னும் எண் 15 முதல் 19 வரையான வகுப்பின் நடுவே விழுவதைக் காண்கிறான். ஐந்து எண்களில் 18, 19 என்னும் இரண்டே அளவை எட்டியவை. ஆகவே பதினெண்மரில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது ஏழு பேர் எட்டினர் என்று கொள்கிறான். மேல்வகுப்புகளின் 12, 5 ஆகியவற்றைச் சேர்க்க 24. பட்டியலில் எண்ணினாலோ 13, 12, 5 ஆக 30 பேர். அறுவருடைய முழுப் பேர் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. இடை 17.3 எனக் கேட்டு, பெரும்பாலோர் அளவை எட்டவில்லை என்று முடிவு கட்டுபவனும் இதே பிழைக்கு ஆளாகிறான். ஐம்பதின்மரில் முப்பதின்மர் எட்டியுள்ளனர்.

இதற்கு மாற்று, வகுப்பின் எல்லையை 18இல் வைத்துத் தொகுப்பதாகும். 3 முதல் 7 வரை 2 பேர், 8 முதல் 12 வரை 7 பேர், 13 முதல் 17 வரை 11 பேர், 18 முதல் 22 வரை 23 பேர், 23 முதல் 27 வரை 6 பேர், 28 முதல் 32 வரை ஒருவர். இப்போது 18க்கு மேற்பட்டோர் 23, 6, 1 ஆக 30 என்று அட்டவணையே ஐயமின்றிச் சொல்கிறது. ஆயினும் இதற்கும் ஒரு விலை உண்டு. 18இல் திரண்டிருந்த பதின்மரையும் நடுப்பெறுமானமாகிய 20க்குக் கொண்டுசெல்வதால், இடை 17.7 என்று மிகைப்பட்டு வருகிறது. நியம விலகல் 5.31. முன்னைய அட்டவணை இடையைச் செம்மையாகத் தந்து, எட்டியவர் தொகையை மறைத்தது. இந்த அட்டவணை எட்டியவர் தொகையைத் தந்து, இடையைச் சற்று உயர்த்திவிடுகிறது. ஒரே ஐம்பது எண்கள்; இருவகைத் தொகுப்பு; இருவகை விடை. இரண்டிலும் கூட்டற்பிழை எதுவுமில்லை.

ஆதலால் இத்தகைய ஒப்படையில் மாணவன் 17.3 என்றும் 5.42 என்றும் மட்டும் எழுதி நிறுத்துதல் போதாது. நிறை எவ்வாறு முழு எண்ணாக்கப்பட்டது, வகுப்பின் எல்லைகள் எங்கே வைக்கப்பட்டன, வகுத்தது 50 ஆலா 49 ஆலா என்னும் மூன்றையும் விடையின் அருகே ஒரு வரியில் குறித்தல் வேண்டும். மூலப் பட்டியல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், அளவை எட்டியவர்களை அதிலிருந்தே எண்ணிச் சொல்லுதல் நன்று. அந்த எண்ணைப் பார்த்துக் கூலி வாங்கக் காத்திருப்போர் முப்பது பேர். இருபத்து நால்வர் அல்லர்.